இருமினால் கசியும் சிறுநீர்: மலைத்தோட்டத்துப் பெண்கள் கேட்பவை

"இருமினா, தும்மினா, கொழுந்து மூட்டையோட சரிவுல இறங்கினா ஒண்ணுக்கு கொஞ்சம் வந்துடுது அக்கா. பிள்ளை பெத்தவளுக்கு இது சகஜம்னு மாமியார் சொல்றாங்க. அப்படியே விட்டுடலாமா?"

நிறைய பேருக்கு இருக்கிறது என்பது உண்மை. பிரசவமான முதல் சில மாதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பெண்ணுக்குக் கசிவு இருக்கும். அவர்களில் பலருக்கு மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் தானாகவே குறைந்துவிடும். அதற்குப் பிறகும் தொடர்ந்தால் "தானா போயிடும்" என்று காத்திருப்பதில் பயனில்லை. மருத்துவம் இருக்கிறது. அதில் முதல் மருத்துவத்துக்கு மாத்திரையும் வேண்டாம், காசும் வேண்டாம்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பயிற்சி எளிதாகப் புரியும். முன்பக்கம் அடிவயிற்று எலும்பிலிருந்து பின்பக்கம் வால் எலும்பு வரை, இடுப்புக்கூட்டின் அடியில் தூளி கட்டியதுபோல ஒரு தசைப் படுகை இருக்கிறது. சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் அதுதான் தாங்குகிறது. இருமும்போது வயிற்றுக்குள் அழுத்தம் சட்டென்று ஏறும். அந்த நேரத்தில் இந்தத் தசை மேலே இழுத்துச் சிறுநீர் வெளியேறும் வழியை மூடிப் பிடிக்க வேண்டும். பிரசவத்தில் குழந்தையின் தலை இறங்கும்போது தசையும் அதற்குப் போகும் நரம்பும் இழுபட்டுத் தளர்ந்திருந்தால் அந்தப் பிடி பத்தாது. ஆயுதம் போட்டு எடுத்த பிரசவம், அதிக எடையுள்ள குழந்தை, வெகுநேரம் முக்கிய பிரசவம் ஆகியவற்றுக்குப் பிறகு இது கூடுதல். சிசேரியன் ஆனவர்களுக்குக் குறைவு. ஆனால் கர்ப்பத்தின் பாரத்தையும் இந்தத் தசைதான் சுமந்திருக்கிறது, அதனால் அவர்களுக்கும் வரலாம்.

"எனக்கு இருமினா வராது. வேலை முடிஞ்சு வந்து வீட்டுப் பூட்டைத் திறக்கிறதுக்குள்ள வந்துடுது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு இருமினா வருது. ரெண்டும் ஒரே வியாதிதானா?"

இரண்டும் வேறு. இதைப் பிரித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை.

உங்கள் பக்கத்து வீட்டு அக்காவுக்கு இருப்பது அழுத்தக் கசிவு. இருமல், தும்மல், சிரிப்பு, பளு தூக்குதல், சரிவில் இறங்கும்போது காலை ஊன்றுதல் என்று உடம்பு ஏதாவது ஒன்றைச் செய்த அந்த நொடியில் கொஞ்சம் வரும், செய்கை நின்றதும் நின்றுவிடும். "ஒண்ணுக்கு வருதே" என்ற உணர்வு முன்னால் வராது. படுத்துத் தூங்கும்போது பெரும்பாலும் கசியாது.

உங்களுக்கு இருப்பது அவசரக் கசிவு. அடக்க முடியாத உந்துதல் முதலில் வரும், கழிப்பறை போய்ச் சேருவதற்குள் நிறையவே வந்துவிடும். பூட்டைத் திறப்பது, குழாய்த் தண்ணீர்ச் சத்தம், குளிர்ந்த தண்ணீரில் கை வைப்பது எல்லாமே அதைத் தூண்டலாம். சிறுநீர்ப்பை நிரம்புவதற்கு முன்பே அதன் சுவர் தானாகச் சுருங்கிவிடுவதுதான் காரணம். வயது ஏற ஏற இது கூடும். இரண்டும் சேர்ந்து இருப்பவர்களும் நிறைய பேர். அவர்களுக்கு எது அதிகத் தொல்லையோ அதிலிருந்து மருத்துவம் தொடங்கும்.

மூன்றாவதாக ஒன்று குறைவாகவே வரும், ஆனால் தவறவிடக் கூடாது. சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாமல் நிரம்பி நிரம்பிச் சொட்டுச் சொட்டாக வழிவது அது. போய்விட்டு வந்த பிறகும் அடிவயிறு கனமாக இருக்கும், முக்கினால்தான் வரும். பல வருடச் சர்க்கரை நோயில் நரம்பு மரத்துப்போனவர்களுக்கும், கர்ப்பப்பை நன்றாக இறங்கியவர்களுக்கும் இது வரலாம். இதற்குக் கீழே சொல்லும் பயிற்சி மருந்தல்ல, மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

உங்களுடையது எது என்று தெரிய மூன்று நாள் ஒரு நோட்டில் எழுதுங்கள்: எத்தனை மணிக்குப் போனீர்கள், எவ்வளவு குடித்தீர்கள், எப்போது கசிந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள். முடிந்தால் ஒரு பழைய அளவுக் குவளையில் பிடித்து அளவையும் குறியுங்கள். பகலில் எட்டு தடவை வரை, இரவில் ஒரு தடவை, ஒவ்வொரு தடவையும் 300 முதல் 500 மில்லி வரை போவது இயல்பு. 100 மில்லிக்கே ஓடுகிறவருக்குச் சிறுநீர்ப்பை அவசரப்படுகிறது. 400 மில்லி தாங்கிக்கொண்டு இருமும்போது மட்டும் கசிகிறவருக்குப் பிடிதான் தளர்ந்திருக்கிறது. மருத்துவரிடம் இந்த நோட்டை நீட்டினால் பாதிக் கேள்விக்குப் பதில் அதிலேயே இருக்கும்.

"கெகல் பயிற்சின்னு போன்ல பார்த்து ரெண்டு மாசம் செஞ்சேன். ஒண்ணும் மாறல. எனக்கு இது சரிப்படாதா?"

நீங்கள் வேறு தசையை இறுக்கியிருக்க வாய்ப்பு அதிகம். சொல்லக் கேட்டு மட்டும் செய்பவர்களில் பலர் வயிற்றையும் தொடையையும் பிட்டத்தையும்தான் இறுக்குகிறார்கள். சிலர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழே முக்குகிறார்கள். முக்கினால் பயிற்சி நேர் எதிராகப் போய்விடும், கசிவு கூடும்.

அர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க மகப்பேறு மருத்துவர் 1948-ல் இந்தப் பயிற்சியைப் பற்றி எழுதியபோதே, சரியான தசையைப் பெண் தானே உணர வேண்டும் என்பதற்காக உள்ளே வைத்து அழுத்தத்தை அளக்கும் ஒரு கருவியையும் சேர்த்துத்தான் கொடுத்தார். பின்னால் பயிற்சி மட்டும் பரவியது, தசையைக் கண்டுபிடிக்கும் பாதி விட்டுப்போனது.

கருவி இல்லாமலும் கண்டுபிடிக்கலாம். முழங்காலை மடக்கி மல்லாந்து படுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாயு வெளியே வராமல் பின்பக்கத்தை அடக்குவீர்கள் இல்லையா, அந்த இறுக்கத்தை முதலில் கொடுங்கள். அதை விடாமல் அப்படியே முன்பக்கம் சிறுநீர் வரும் இடம் வரை இழுத்து, உள்ளே மேல்நோக்கித் தூக்குங்கள். தொப்புளுக்குக் கீழே லேசாக உள்ளிழுப்பது போல இருக்கலாம், அது பரவாயில்லை. வயிறு கல்லாக இறுகுவது, இடுப்பு தரையிலிருந்து எழும்புவது, மூச்சு நிற்பது மூன்றும் தப்பு. சத்தமாக ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே செய்தால் மூச்சு நிற்காது.

சரிபார்க்க இரண்டு வழி உண்டு. ஒரு கண்ணாடியை வைத்துப் பாருங்கள்: இறுக்கும்போது பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் உள்ள தோல் உள்ளே போக வேண்டும். வெளியே பிதுங்கினால் நீங்கள் முக்குகிறீர்கள், உடனே நிறுத்துங்கள். அல்லது கழுவிய விரலைப் பிறப்புறுப்புக்குள் வைத்து இறுக்குங்கள்: விரலைச் சுற்றிப் பிடித்து மேலே இழுப்பது தெரிய வேண்டும். உங்கள் உடம்பை நீங்கள் தொட்டுப் பார்ப்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. பிரசவத் தையல் ஆறாதவர்கள் மட்டும் ஆறிய பிறகு செய்யுங்கள்.

சிறுநீர் போகும்போது நடுவில் நிறுத்திப் பார்ப்பதைத்தான் பலரும் பயிற்சி என்று நினைக்கிறார்கள். தசை எது என்று தெரிய ஒரே ஒரு தடவை செய்யலாம். தினமும் செய்தால் சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாமல் பழகிவிடும்.

இத்தனைக்குப் பிறகும் எந்த அசைவும் தெரியவில்லை என்றால் உங்கள் மேல் குறை எதுவும் இல்லை. சிலருக்குத் தசை அவ்வளவு சோர்ந்திருக்கும். இயன்முறை மருத்துவர் உள்ளே விரலால் பார்த்து வழிகாட்டலாம், மெல்லிய மின்தூண்டல் கொடுத்துத் தசையை எழுப்பலாம்.

"சரி, தசை புரிஞ்சுது. எத்தனை தடவை, எத்தனை நாள் செய்யணும்?"

பொதுவாகச் சொல்லும் அளவு: ஒரு வேளைக்குக் குறைந்தது எட்டு இறுக்கம், நாளைக்கு மூன்று வேளை, விடாமல் மூன்று மாதம். ஆனால் எட்டிலிருந்து தொடங்கச் சொல்ல மாட்டேன், ஒவ்வொருவரின் தசையும் எவ்வளவு தாங்குமோ அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். இங்கே வழக்கமாகப் பார்க்கும் ஒரு நிலையை வைத்து முழுதாகச் சொல்கிறேன்.

கொழுந்து பறிக்கும் 34 வயதுப் பெண். இரண்டாவது பிரசவம் ஆகி ஏழு மாதம், ஆயுதம் போட்டு எடுத்த குழந்தை. இருமினால் கசிகிறது, மூட்டையோடு எடை போடும் இடத்துக்கு இறங்கும்போது கசிகிறது, தூக்கத்தில் இல்லை. நாளைக்கு மூன்று தடவை துணி மாற்றுகிறார். ஆக, அழுத்தக் கசிவு. சோதித்துப் பார்த்தால் சரியாக இறுக்க முடிகிறது, ஆனால் மூன்று நொடிக்கு மேல் பிடி நிற்கவில்லை. ஐந்தாவது தடவைக்குப் பிறகு தசை சோர்ந்துபோகிறது.

இவருக்கு மூன்று நொடி, ஐந்து தடவைதான் தொடக்கம். ஒவ்வொரு இறுக்கத்துக்குப் பிறகும் முழுதாகத் தளர்த்தி, இறுக்கிய நேரத்தைப்போல் இரண்டு மடங்கு ஓய்வு. காலை எழுந்ததும் படுக்கையிலேயே ஒரு வேளை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து ஒரு வேளை, ராத்திரி குழந்தைக்குப் பால் கொடுக்கும்போது ஒரு வேளை. ஒவ்வொரு வேளையின் கடைசியிலும் ஐந்து வேகமான இறுக்கம்: இறுக்கு, விடு, இறுக்கு, விடு. நீண்ட பிடி தசைக்குத் தாங்கும் சக்தி தருகிறது, வேகப்பிடி தும்மலுக்கு ஈடு கொடுக்கும் விரைவைத் தருகிறது. இரண்டும் வேண்டும்.

வாரத்துக்கு ஒரு நொடி அல்லது ஓரிரு தடவை கூட்டலாம். ஆறாவது வாரம் வாக்கில் ஆறு நொடி, எட்டு தடவைக்கு வந்துவிடுவார். அப்போது ஒரு வேளையை நின்றுகொண்டு செய்ய வேண்டும், கசிவது நிற்கும்போதுதானே. பன்னிரண்டாவது வாரத்தில் பத்து நொடி, பத்து தடவை, அதில் பாதி நின்றபடி. அதற்கு மேல் கூட்டத் தேவையில்லை.

முதல் நான்கு வாரம் பெரும்பாலும் ஒரு மாற்றமும் தெரியாது. இங்கேதான் பலரும் விட்டுவிடுகிறார்கள். தசை தடிக்கக் காலம் எடுக்கும். ஆறு, ஏழாவது வாரத்தில் இருமலுக்கு வருவது குறையும். பன்னிரண்டாவது வாரத்தில் துணி ஒன்றாகக் குறைந்திருக்கும், அதுவும் பாரத்தோடு செங்குத்தாக இறங்கும் நாளில் மட்டும். இதை முன்னேற்றமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். முழுதாக நின்றுவிடுபவர்களும் உண்டு. நின்ற பிறகு தினம் ஒரு வேளையாவது தொடர வேண்டும், விட்டால் தசை மறுபடி தளரும்.

மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் துணியின் எண்ணிக்கை அப்படியே இருந்தால் அடுத்த மருத்துவத்துக்குப் போகும் நேரம் அது.

"பயிற்சி செய்யிற வரைக்கும் தோட்டத்துல நான் என்ன பண்றது? மூட்டை தூக்காம இருக்க முடியுமா?"

முதல் நாளிலிருந்தே உதவும் ஒரு பழக்கம் இருக்கிறது: இருமலுக்கு முன் இறுக்கு. தொண்டையில் இருமல் கிளம்புவது தெரிந்ததும் அடித்தசையை இறுக்கி, அந்தப் பிடியிலேயே இருமி முடித்து, பிறகு விடுங்கள். தும்மலுக்கும் அப்படியே. தசை பலமாவதற்கு முன்பே இது கசிவைக் குறைக்கும், சரியான நேரத்தில் பிடிப்பதே பாதி வேலை.

மூட்டைக்கும் அதே முறை. இடுப்பை வளைத்து இழுக்காமல் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, மூட்டையை உடம்போடு ஒட்டிக்கொண்டு, அடித்தசையை இறுக்கி, மூச்சை வெளியே விட்டுக்கொண்டே எழுந்திருங்கள். மூச்சைப் பிடித்துத் தூக்கினால் அழுத்தம் முழுக்கக் கீழேதான் இறங்கும். தலையில் ஏற்ற இன்னொருவர் கை கொடுக்கட்டும். முடிந்தால் பாதி நிரம்பியதுமே ஒரு தடவை எடைக்குக் கொண்டுபோங்கள். இரண்டு நடை ஆகும் என்பது தெரிகிறது, கிலோக் கணக்கில் சம்பளம் பார்ப்பவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்பதும் தெரிகிறது. பிரசவமாகி ஆறு மாதம் வரையாவது மேஸ்திரியிடம் கேட்டு இதற்கு வழி பண்ணிக்கொள்ளுங்கள். சரிவில் நேராக இறங்காமல் குறுக்கே வளைந்து இறங்கினால் ஒவ்வொரு அடியிலும் விழும் குலுக்கல் குறையும். இடுப்பில் படுதாவைக் கட்டும் கயிற்றை வயிறு பிதுங்க இறுக்காதீர்கள்.

விறகு அடுப்புப் புகையால் நாள்பட்ட இருமல் இருந்தால் அதற்கு மருத்துவம் பார்க்காமல் பயிற்சி மட்டும் செய்வது வீண். ரத்தக்கொதிப்புக்கு எனலாப்ரில், ராமிப்ரில் வகை மாத்திரை எடுப்பவர்களில் சிலருக்கு வறட்டு இருமல் வரும். மாத்திரையை நீங்களே நிறுத்தாமல் மருத்துவரிடம் சொன்னால் வேறு மாத்திரை மாற்றித் தருவார். மலச்சிக்கலும் அப்படித்தான், தினமும் முக்கினால் தசை தளரும்.

"தோட்டத்துல கக்கூஸ் கிடையாது. அதனால காலைல தண்ணியே குடிக்காம போறேன். அது தப்பா?"

உங்கள் நிலைமையில் யாரும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் உடம்புக்கு அது ஒத்துவராது. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்ந்து மஞ்சளாகிச் சிறுநீர்ப்பையின் உட்சுவரை எரிச்சல்படுத்தும். அதனால் அவசரம் கூடும், தொற்றும் வரலாம், மலமும் இறுகும். காலையில் போய்விட்டு மதியம் ஒரு மணிவரை அடக்கினால், நிரம்பிய பையோடு பாரம் தூக்குவதால் கசிவு இன்னும் கூடும்.

நாள் முழுக்க ஒன்றரை லிட்டரிலிருந்து இரண்டு லிட்டர் வரை குடியுங்கள். ஒரேயடியாக இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக. குளிர் மாதங்களில் ஊட்டிப் பக்கம் தாகமே எடுக்காது, ஆனால் குளிரிலேயே சிறுநீர் அதிகமாகச் சுரக்கும். தண்ணீருக்குப் பதிலாக நாலைந்து டம்ளர் டீ குடிப்பது இங்கே வழக்கம். அவசரக் கசிவு உள்ளவர்கள் அதை இரண்டாகக் குறைத்து, மீதிக்கு வெந்நீரோ நீர்மோரோ குடித்துப் பாருங்கள். இரண்டே வாரத்தில் வித்தியாசம் தெரிந்தால் டீதான் தூண்டுகோல்.

தோட்டத்தில் கழிப்பிடம் வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. சங்கத்தில் சம்பளம், போனஸ் பேசும்போது இதையும் கேளுங்கள். மாதவிடாய்க்கும், கர்ப்பத்துக்கும், இந்தக் கசிவுக்கும் மூன்றுக்குமே அதுதான் தேவை.

"எனக்கு 62 வயசு சிஸ்டர். ராத்திரி நாலு தடவை எழுந்திரிக்கிறேன். பாதி வழியிலயே வந்துடுது. இந்த வயசுல பயிற்சி வேலை செய்யுமா?"

வேலை செய்யும் அம்மா. வயதான தசையும் பயிற்சிக்குப் பலமாகும், கொஞ்சம் மெதுவாக. உங்களுக்கு முதலில் வேண்டியது இரண்டு சோதனை: ரத்தத்தில் சர்க்கரை, சிறுநீரில் தொற்று. சர்க்கரை ஏறியிருந்தால் சிறுநீர் அதிகமாகும், எந்தப் பயிற்சியும் அதைக் குறைக்காது. கால் வீக்கம் இருந்தால் பகலில் காலில் தேங்கிய நீர் படுத்ததும் திரும்பி வந்து சிறுநீராகும். சாயங்காலம் ஒரு மணி நேரம் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுங்கள். நீர் பிரியும் மாத்திரை எடுத்தால் அதைக் காலையில் எடுக்கலாமா என்று கேளுங்கள். படுக்கப் போவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன் குடிப்பதைக் குறையுங்கள். லயத்து வீட்டில் கழிப்பறை வெளியே இருந்தால், குளிரில் இருட்டில் படியில் ஓடுவதைவிட கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மூடிய வாளி வைப்பது மேல். இந்த வயதில் கசிவைவிட விழுந்து இடுப்பெலும்பு உடைவது ஆபத்து.

அடுத்தது சிறுநீர்ப்பைக்குப் பழக்கம் கொடுப்பது. உங்கள் நோட்டில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை போவதாக இருந்தால், பகலில் ஒன்றே கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் உந்துதல் வந்தால் ஓடாதீர்கள். நின்ற இடத்தில் நில்லுங்கள் அல்லது உட்காருங்கள், ஐந்தாறு வேகமான இறுக்கம் கொடுங்கள், மூச்சை மெதுவாக விடுங்கள். உந்துதல் அலையாக ஏறி இறங்கும். இறங்கியதும் நடந்து போங்கள். வாரம் ஒருமுறை கால் மணி நேரம் கூட்டி, இரண்டரை, மூன்று மணி நேர இடைவெளிக்கு வர வேண்டும். ஆறு வாரத்துக்குக் குறையாமல் செய்தால்தான் பலன் தெரியும்.

மாதவிடாய் நின்றவர்களுக்குப் பிறப்புறுப்பின் உட்சுவர் மெலிந்து வறண்டிருக்கும். உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீமை மருத்துவர் எழுதித் தரலாம், எரிச்சலும் அவசரமும் அதில் குறையும். மார்பகப் புற்றுநோய் வந்தவராக இருந்தால் கட்டாயம் முன்பே சொல்லுங்கள். இதற்கும் அடங்காத அவசரத்துக்கு சொலிஃபெனசின், டோல்டெரோடின், மிராபெக்ரான் போன்ற மாத்திரைகள் உண்டு. முதல் இரண்டும் வாயை வறட்சியாக்கும், மலத்தை இறுக்கும், வயதானவர்களுக்கு மறதியும் குழப்பமும் தரலாம். மூன்றாவது ரத்தக்கொதிப்பை ஏற்றலாம். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகள் இல்லை இவை.

"பிரசவம் ஆகி பத்து நாள். பாட்டி வயித்தை இறுக்கிக் கட்டச் சொல்றாங்க, தண்ணி குடிக்கக் கூடாதுங்கிறாங்க. பயிற்சி இப்பவே தொடங்கலாமா?"

பிரசவத்தில் வைத்த சிறுநீர்க் குழாயை எடுத்த பிறகு, வலிக்காத அளவுக்கு மெல்ல இறுக்கி விடுவதை முதல் வாரத்திலேயே தொடங்கலாம். தையல் போட்டவர்களுக்கும் ரத்த ஓட்டம் கூடி வீக்கம் வடிய அது உதவும். வலித்தால் நிறுத்திவிட்டு இரண்டு நாள் கழித்துத் தொடருங்கள். பாரம் தூக்குவதும் குத்துக்கால் போட்டுத் துணி துவைப்பதும் ஆறு வாரம் வேண்டாம்.

பாட்டியின் அக்கறையைப் புறக்கணிக்க வேண்டாம். துணியை இடுப்புக்கு ஆதரவாக, விரல் நுழையும் தளர்வோடு கட்டிக்கொள்ளுங்கள். இறுக்கிக் கட்டினால் வயிற்றின் அழுத்தம் தளர்ந்திருக்கும் அடித்தசை மேல் இறங்கும். தண்ணீர் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள், பால் கொடுக்கும் உடம்புக்குத் தாகத்துக்குத் தக்க தண்ணீர் வேண்டும்.

இன்னொன்று, இனிப் பிரசவத்துக்குப் போகிறவர்களுக்கும் சேர்த்து: பிரசவமான பிறகோ குழாயை எடுத்த பிறகோ ஆறு மணி நேரம் ஆகியும் சிறுநீர் போக முடியவில்லை என்றால் நர்ஸிடம் உடனே சொல்ல வேண்டும். பை அளவுக்கு மீறி நிரம்பி இழுபட்டுவிட்டால் பிறகு பல நாள் தொல்லை தரும்.

"கர்ப்பப்பையை எடுத்துட்டா கசிவு நின்னுடும்னு சொல்றாங்க. எடுத்துடலாமா?"

வேண்டாம். கசிவுக்காக மட்டும் கர்ப்பப்பையை எடுப்பது மருத்துவமே இல்லை. சிறுநீரைப் பிடித்து வைப்பது கர்ப்பப்பை இல்லை, அதை எடுத்தால் பிடி பலமாகாது. கர்ப்பப்பை நன்றாக இறங்கி வெளியே தெரிவது, கட்டி, அடங்காத ரத்தப்போக்கு என்று அதற்கு வேறு காரணங்கள் இருக்கலாம், அதை மருத்துவர் தனியாகச் சொல்வார். இறக்கத்துக்குக்கூட முதலில் பிறப்புறுப்புக்குள் வைக்கும் சிலிக்கோன் வளையத்தை முயன்று பார்க்கலாம். "எடுத்துடலாம்" என்று யாராவது சொன்னால், "எதுக்காக எடுக்கிறீங்க, எடுத்தா கசிவு நிக்குமா?" என்று இரண்டு கேள்வியும் கேட்டுவிட்டு, இன்னொரு மகப்பேறு மருத்துவரையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

"மூணு மாசம் பயிற்சி ஒழுங்கா செஞ்சுட்டேன், இன்னும் நனையுது. ஆபரேஷன் எப்படி இருக்கும்?"

அழுத்தக் கசிவுக்குத்தான் அறுவைச் சிகிச்சை நன்றாகக் கேட்கும், அவசரக் கசிவுக்கு இல்லை. அதனால் எந்த வகை என்று உறுதி செய்த பிறகே பேச்சு. இனிக் குழந்தை வேண்டும் என்றிருப்பவர்கள் தள்ளிப்போடுவது நல்லது, அடுத்த கர்ப்பமும் பிரசவமும் செய்த வேலையைக் கெடுத்துவிடலாம்.

சிறுநீர் வெளியேறும் குழாயின் அடியில் ஒரு பட்டையைத் தாங்கலாக வைப்பதுதான் அதிகம் செய்யப்படுவது. அந்தப் பட்டை செயற்கை வலையால் ஆனதாக இருக்கலாம், அல்லது உங்கள் அடிவயிற்றுச் சவ்விலிருந்தே எடுத்ததாக இருக்கலாம். செயற்கை வலைக்குச் சின்ன வெட்டு போதும், சீக்கிரம் வீடு திரும்பலாம். ஆனால் வலை உள்ளே நிரந்தரமாக இருக்கும். சிலருக்கு அது சதையை அரித்து வெளியே தெரியும், நாள்பட்ட வலி தரும், அப்போது முழுதாக எடுப்பது கடினம். இப்படிப்பட்ட புகார்கள் பெருகியதால் 2018-ல் இங்கிலாந்தில் இந்த வலையின் பயன்பாட்டையே இடைநிறுத்தினார்கள். சொந்தச் சவ்வுக்கு வெட்டு பெரிது, ஆறும் காலமும் கூடுதல், வலையின் சிக்கல் இல்லை. சிறுநீர்ப்பையின் கழுத்தைத் தையலால் மேலே தூக்கிக் கட்டும் பழைய முறையும் இருக்கிறது. எந்த முறையிலும் சிலருக்குப் பிறகு சிறுநீர் போவது சிரமமாகலாம், புதிதாக அவசரமும் வரலாம். பெரும்பாலானோருக்கு நல்ல பலன் கிடைக்கிறது என்பதும் உண்மை. "எந்தப் பட்டை வைக்கிறீங்க டாக்டர், வலையா சொந்தச் சவ்வா?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள். தோட்ட வேலைக்குத் திரும்பி மூட்டை தூக்க எத்தனை வாரம் ஆகும் என்பதையும் முன்பே கேளுங்கள்.

"யார்கிட்ட போறது? ஆண் டாக்டர்கிட்ட சொல்லக் கூச்சமா இருக்கு."

முதலில் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும் செவிலியரிடம் சொல்லுங்கள். "இருமினா யூரின் வருது" என்ற மூன்று சொல் போதும். சிறுநீர்ச் சோதனையும் சர்க்கரைச் சோதனையும் அங்கேயே ஆகும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவரும் உண்டு, அவரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். அடுத்த கட்டத்துக்கு குன்னூர் லாலி அரசு மருத்துவமனை, உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் மகப்பேறு பிரிவு இருக்கிறது. பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கலாம், உள்சோதனையின்போது ஒரு நர்ஸோ உங்கள் வீட்டுப் பெண்ணோ கூட இருக்கலாம்.

மூன்று மாதம் பயிற்சி செய்து பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாத நேரங்கள் சில. சிறுநீரில் ரத்தம், காய்ச்சலோடு எரிச்சல், அடிவயிறு வீங்கியும் போக முடியாமை, கீழே சதை வெளியே தள்ளுவது ஆகியவற்றுக்குத் தாமதிக்காமல் போங்கள். பிரசவத்துக்கோ கர்ப்பப்பை எடுத்ததற்கோ பிறகு இரவும் பகலும் நில்லாமல் சொட்டிக்கொண்டே இருந்தால் உள்ளே பாதை ஓட்டையாகியிருக்கலாம், அதைத் தைத்துச் சரிசெய்ய முடியும், பயிற்சியில் சரியாகாது. இடுப்புவலியோடு கால் திடீரென்று பலமிழந்து, உட்காரும் இடமும் தொடையின் உட்புறமும் மரத்துப்போய், சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இல்லாமல் போனால் அன்றைக்கே 108-ஐக் கூப்பிடுங்கள். முதுகுத்தண்டின் அடியில் நரம்பு நசுங்குவதன் அறிகுறி அது, மணிக்கணக்கில் தாமதித்தாலும் நிரந்தரப் பாதிப்பு வரும்.